குக்கர் விசில் ஏன் மெலிகிறது? கேஸ்கட்டும் ஆவிக்குழாயும்



சில வாரங்களுக்கு முன் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்து போகிறது, அடுத்தது வாங்க உதவி வேண்டும் என்று கேட்டார். வீட்டில் ஆட்கள் கூடவில்லை, சமையலும் கூடவில்லை. பேச்சுவாக்கில், "குக்கர் முன்ன மாதிரி கத்த மாட்டேங்குது பாய், முனகுற மாதிரி ஒரு சத்தம். பருப்பு வேக முக்கால் மணி நேரம் ஆகுது" என்றார். அதே வாரத்தில் மற்றொரு வீட்டிலும் குக்கர் விசில் மெலிந்து போனது. ஆனால் அங்கே விஷயமே வேறு, ஒரு பெரிய விபத்து மயிரிழையில் தப்பியது. சத்தம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். காரணம் மட்டும் நேர் எதிர். அந்த வித்தியாசத்தை எல்லா வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் விசில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். மூடியின் நடுவில் நிற்கும் சிறு குழாய்தான் ஆவிக்குழாய். அதன் வாயின் மேல் வெயிட் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நீராவி சேரச் சேர அழுத்தம் ஏறும். வெயிட்டின் கனத்தை விட ஆவியின் உந்துதல் கூடியதும் வெயிட் மேலே எழும்பும், ஆவி சீறிக்கொண்டு வெளியேறும். அதுதான் விசில். அழுத்தம் சற்றுக் குறைந்ததும் வெயிட் மறுபடியும் உட்கார்ந்துவிடும்.

நம் வீட்டுக் குக்கர்கள் பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில் வேலை செய்பவை. குழாய் வாய் 3 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு சுமார் 0.07 சதுர சென்டிமீட்டர். அதை அடைத்து வைக்க 70 கிராம் கனம் போதும். உள்ளே இருக்கும் அவ்வளவு பெரிய சக்தியை அந்தச் சிறு வெயிட் அளந்து வைத்திருப்பது இப்படித்தான். வேறு கம்பெனி வெயிட்டை மாற்றிப் போட்டால் அளவே மாறிவிடும் என்பதற்கும் காரணம் இதுதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்து அங்கேயே நின்றுவிடும். இந்த அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை சூடு ஏறும். பருப்பும் கறியும் சீக்கிரம் வேகுவது அந்த 20 டிகிரியால்தான்.

ஆக, நல்ல விசில் வர இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஆவி வேறு வழியில் கசியாமல் உள்ளே சேர வேண்டும். அது கேஸ்கட்டின் வேலை. சேர்ந்த ஆவி தடையில்லாமல் வெயிட்டை அடைய வேண்டும். அது ஆவிக்குழாயின் வேலை. எது கெட்டாலும் விசில் மெலியும். கேஸ்கட் கெட்டால் உள்ளே அழுத்தம் குறைவு, கேஸ்தான் வீண். குழாய் அடைத்தால் உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே மட்டும் அமைதி. அந்த அமைதிதான் ஆபத்து.

சிலிண்டருக்காக வந்த சகோதரியின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அவருடையது ஐந்து லிட்டர் வெளிமூடிக் குக்கர். அடுப்பில் வைத்ததும் மூடியின் ஓரத்தில் ஒரு பக்கமாக 'ஸ்ஸ்' என்ற சத்தம் வந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வழிந்து பர்னரில் விழுந்தது. குக்கரின் பக்கவாட்டில் அதே இடத்தில் பழுப்புக் கோடு படிந்திருந்தது. வெயிட் லேசாக ஆடியதே தவிர எழும்பவில்லை. ஆற வைத்துத் திறந்து கேஸ்கட்டைக் கழற்றினால், ரப்பர் தன் மெதுமையை இழந்து விறைத்திருந்தது. வளைத்துப் பார்த்ததும் உள்பக்கம் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. மூன்று வருடமாக மாற்றவே இல்லை என்றார்.

சூடும் எண்ணெயும் பட்டுப் பட்டு ரப்பர் இறுகிப் போவது இயல்பு. இறுகிய ரப்பர் மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே உள்ள சந்தில் படிந்து அடைக்காது. மோட்டார் ஒரு பக்கம் தண்ணீர் ஏற்ற, தொட்டியில் மறுபக்கம் ஓட்டை இருந்தால் மட்டம் எப்படி ஏறும்? தீயைக் கூட்டினால் அப்போதைக்கு விசில் வரும். ஏனென்றால் கசிவதை விட அதிக ஆவி உண்டாகிறது. அந்தச் சகோதரியும் மாதக்கணக்கில் அதைத்தான் செய்திருக்கிறார். சிலிண்டர் தீர்ந்த கதை அதுதான். உள்ளிருக்கும் தண்ணீரும் கசிந்து வற்றுவதால் பருப்பு அடிப்பிடிக்கும். முழுக்க வற்றிவிட்டால் சேஃப்டி வால்வும் உருகிப் போகும்.

கேஸ்கட்டைக் குளிர்ந்த தண்ணீரில் அல்லது ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று பலர் செய்கிறார்கள். குளிரில் கொஞ்சம் சுருங்கும். அடுப்பில் ஏறியதும் பழைய நிலைக்கே வந்துவிடும். போன மெதுமை திரும்பாது. கோதுமை மாவைக் குழைத்து ஓரத்தில் பூசுவதும் வேண்டாம். பல வெளிமூடிக் குக்கர்களில் மூடியின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அழுத்தம் அளவு மீறினால் கேஸ்கட் அந்த வெட்டின் வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியேற்றுவதற்காக வைத்தது அது. அதை மாவால் அடைப்பது காவல்காரனைக் கட்டிப் போடுவது போல.

புதிய கேஸ்கட் வாங்கும்போது "அஞ்சு லிட்டர் கேஸ்கட்" என்று மட்டும் கேட்டால் போதாது. கம்பெனி பெயர், லிட்டர், உள்மூடியா வெளிமூடியா என்ற மூன்றையும் சொல்லுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. புதியது போட்டும் ஓரத்தில் கசிந்தால் கைப்பிடி ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, விளிம்பு எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சகோதரிக்குப் புதிய கேஸ்கட் மட்டும் வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்கே விசில் தெருவுக்குக் கேட்டது.

இனி இரண்டாவது வீடு. அங்கே துவரம் பருப்பை முக்கால் குக்கருக்கு மேல் நிரப்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு விசில் மெலிதாக வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஓரத்தில் சீறல் இல்லை, சொட்டவும் இல்லை. அடுப்பை அணைத்து, கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆவியே வரவில்லை. "பிரஷர் இறங்கிடுச்சு" என்று மூடியைத் திருப்பப் போக, மூடி அசையவில்லை. பலம் கொடுத்துத் திருப்ப மகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அந்தப் பையன் மூடியைத் தொடாமல், "ஆறட்டும்மா" என்று சொல்லிவிட்டான். முழுக்க ஆறிய பிறகு திறந்து பார்த்தால் ஆவிக்குழாயின் அடியில் பருப்புத் தோல் அப்பிக் கிடந்தது. வெயிட்டைத் தூக்கியபோது ஆவி வராததற்குக் காரணம் உள்ளே ஆவி இல்லாதது அல்ல. வெளியே வர வழி இல்லாதது.

தாய்மார்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். வெயிட்டைத் தூக்கினால் ஆவி வரவில்லை என்பது பிரஷர் இறங்கியதற்கு அத்தாட்சி அல்ல. உள்மூடிக் குக்கரில் அழுத்தம் இருக்கும்வரை மூடியை அந்த அழுத்தமே மேல்நோக்கி இறுக்கிப் பிடித்திருக்கும். வெளிமூடிக் குக்கரில், பலம் கொடுத்துத் திருப்பினால் மூடி பறக்கும். கொதிக்கும் பருப்பு முகத்தில் அடிக்கும். விசில் திடீரென்று நின்றால் அடுப்பை அணையுங்கள், பிள்ளைகளை விலக்குங்கள், அரை மணி நேரம் தொடாதீர்கள். அதன் பின்னும் மூடி லேசாகத் திரும்பாவிட்டால் இன்னும் ஆற விடுங்கள்.

குழாய் அடைவதற்கு முதல் காரணம் நுரை. அரிசி, பருப்பு, பயறு வகைகள் பொங்கி நுரை கட்டும். அந்த நுரையோடு தோலும் கஞ்சியும் மேலே ஏறிக் குழாய்க்குள் போகும். ஆகவே இவற்றைப் பாதிக் குக்கருக்கு மேல் நிரப்பக் கூடாது, தண்ணீரையும் சேர்த்துத்தான் பாதி. கறி, குழம்பு போன்றவை மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். பருப்பில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். இரண்டாவது காரணம் நம் பக்கத்து போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சமைத்தால் குக்கரின் உள்ளே வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு குழாய்க்குள்ளும் மெல்ல மெல்லச் சேர்ந்து துளையைச் சுருக்கும்.

ஒவ்வொரு முறையும் மூடியைக் கழுவியதும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் குழாய் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மெல்லிய கம்பியை இரண்டு பக்கத்திலிருந்தும் விட்டுச் சுத்தம் செய்து, பைப்பில் பிடித்துத் தண்ணீர் தாராளமாக ஓடுகிறதா என்று பாருங்கள். வெயிட்டின் உள்பக்கத்தையும் கழுவுங்கள். அங்கே கஞ்சி காய்ந்திருந்தாலும் விசில் மெலியும்.

அடுப்பில் வைக்கும்போது வெயிட்டை முதலிலேயே போட்டுவிட வேண்டாம். மூடியைப் பூட்டி, குழாய் வழியாக ஆவி ஒரே சீராகப் பீய்ச்சி வரும்வரை பொறுத்து, பிறகு போடுங்கள். குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அதை விடச் சிறந்த சோதனை இல்லை. உள்ளே இருக்கும் காற்றும் அப்போது வெளியேறிவிடும். ஆவி வராமல் ஓரத்தில் மட்டும் கசிந்தால் உடனே அணைத்துவிட்டுப் பாருங்கள்.

சேஃப்டி வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் நடுவில் குறிப்பிட்ட சூட்டில் உருகும் உலோகம் இருக்கிறது. அது ஒருமுறை உருகிவிட்டால் அதே கம்பெனியின் புதிய வால்வைத்தான் போட வேண்டும். ஈயம் ஊற்றியோ ஸ்க்ரூ முடுக்கியோ அடைத்த குக்கர் வீட்டில் இருந்தால் அதை அடுப்பில் ஏற்றாதீர்கள். புதுக் குக்கர் வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்று வீட்டுக் குக்கருக்கு அந்த முத்திரை சட்டப்படி கட்டாயம்.

சஹர் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு குக்கர் வைக்கும் வீடுகள் நம்மிடம் அதிகம். இரவு படுக்கும் முன்பே குழாயை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்து வைத்துவிடுங்கள். உங்கள் குக்கரின் விசில் மெலிந்திருந்து, காரணம் பிடிபடவில்லை என்றால், ஆறிய குக்கரை மூடியோடும் வெயிட்டோடும் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்ப்போம். கேஸ்கட் வாங்க வசதியில்லாதவர்கள் தயங்காமல் சொல்லலாம்.