ஒரு பக்கம், ஏழு முத்திரை, ஒரு எக்ஸ்!

பழைய பாஸ்போர்ட்டுகளை ஆவணக் காப்பகத்துக்காகப் பட்டியலிடும் மேசைப் பக்கம் வாங்க, கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்! உதாரணத்துக்கு, 2012இல் வழங்கப்பட்டு 2022இல் காலாவதியான ஓர் இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே பக்கத்தில் ஏழு முத்திரைகள், கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு முண்டியடிக்கிறவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. அடுத்த பக்கம் காலியாகவே இருக்கிறது! திறந்த பக்கத்தில் குத்திவிடுகிற அதிகாரிகள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் பக்க வரிசையைப் பார்த்துப் பயண வரிசையைச் சொல்லவே முடியாது.

தேதியை உடனே படிக்கப் பாயக்கூடாது. முதலில் எத்தனை முத்திரை என்று பிரிக்க வேண்டும். பக்கத்தின்மேல் ஒளிபுகும் தாளை வைத்து, முத்திரைக்கு ஒரு நிறப் பேனாவாக விளிம்பை வரைகிறார்கள். அதில்தான் முதல் குதூகலம். ஷெங்கன் நாடுகளின் முத்திரையில் நுழைவுக்குக் கூர்மூலைச் செவ்வகம், வெளியேற்றத்துக்கு மூலை மழுங்கிய செவ்வகம். மற்றதெல்லாம் மூழ்கிப்போனாலும் ஒரு மூலை தப்பினால் போதும், ஆள் உள்ளே வந்தாரா வெளியே போனாரா என்று தெரிந்துவிடும்!

அடுத்து, தலைகீழா நேரா? விமானப் படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகே எண்களைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் 6 சத்தமில்லாமல் 9 ஆகிவிடும். பிறகு ஸ்கேன். குறுக்கே விழுந்தது சிவப்பு மை என்றால், படத்தின் சிவப்பு அலைவரிசையை மட்டும் திரையில் காட்டினால் அது வெளிறிப்போகும். அடியில் இருக்கும் கறுப்பு எண்கள் மேலே எழுந்து வரும். பார்க்கிறவர்கள் கைதட்டாத குறைதான். ஆனால் கறுப்பின்மேல் கறுப்பு விழுந்தால் இந்த வித்தை பலிக்காது. அடர்த்தியாக இருப்பதுதான் மேலே இருக்கிறது என்று கண்ணும் ஏமாற்றும்.

இப்போது நம் பக்கத்தின் கதாநாயகன்: ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தின் நுழைவு முத்திரை. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில், ஒவ்வொன்றும் இரண்டு இலக்கம். நாளில் 2 தெரிகிறது, அடுத்த இலக்கம் முழுசாகப் புதைந்துவிட்டது. மாதத்தில் 0 தெளிவு. அடுத்ததில் வலது பாதி மட்டும். நடுவில் உள்வாங்கியிருக்கிறது, ஆகவே 9 இல்லை. 3 அல்லது 8. ஆண்டு 17, பளிச்சென்று.

பதிவேட்டில் இதற்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் கண்ணில் பட்டது மட்டும்: `2X 0X 17`. இரண்டாவதில் ஒழுங்குபடுத்திய தேதி: `2017-0X-2X`. தெரியாத இலக்கத்துக்கு `X` போடும் இந்த முறை ஐஎஸ்ஓ 8601-2 தரத்தில் இருக்கிறது. ‘20’ முத்திரையில் இல்லையே என்கிறீர்களா? சபாஷ்! அது பாஸ்போர்ட்டின் ஆயுளிலிருந்து வந்தது, அதனால்தான் முதல் கட்டத்தில் அதற்கு இடமில்லை. ‘3 அல்லது 8’ என்பது குறிப்பில் போகும். `?` போடலாமே என்றால், கூடாது. அது ஒரு மதிப்பைச் சொல்லிவிட்டுச் சந்தேகப்படுகிற குறி; இங்கே சொல்லவே மாதமோ நாளோ முழுசாக இல்லை.

இனிமேல்தான் சபலம்! மூன்று பக்கம் தள்ளி, அதே விமான நிலையத்தின் வெளியேற்ற முத்திரை: 02 09 17. ஜோடி கிடைத்துவிட்டது, மாதம் ஆகஸ்ட்தான் என்று விரல் 8ஐத் தேடும். நிறுத்துங்கள்! ஆகஸ்ட் என்றால் தங்கியது 5 முதல் 14 நாள். மார்ச் என்று வைத்து இதே முத்திரையோடு சேர்த்தால் குறைந்தது 158 நாள். குறுகிய காலப் பயணிக்கு எந்த 180 நாளிலும் 90 நாள்தான் அனுமதி. ஒரே இலக்கத்தில் அவர் சுற்றுலாப் பயணி, இல்லையென்றால் விதி மீறியவர்! மூன்றாவது வழியும் உண்டு: மார்ச்சில் வந்து, சில நாளில் திரும்பி, ஆகஸ்டில் மறுபடி போயிருக்கலாம், அந்த முத்திரைகள் வேறொரு குவியலுக்கு அடியில் இருக்கலாம். ஆகவே ஜோடி பற்றிய ஊகம் பக்க எண்ணோடு குறிப்பில் ஏறும். தேதிக் கட்டத்தில் `X` அப்படியே இருக்கும். அதை 8 ஆக்கிவிட்டால், அடுத்து வருகிறவருக்கு அது ஊகம் என்றே தெரியாது.

ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் மின்பதிவு படிப்படியாக வந்துவிட்டது. ஆனால் வீட்டு அலமாரிகளில் குத்துப்பட்ட பாஸ்போர்ட்டுகள் இன்னும் ஏராளம். அப்பா அம்மாவின் பயணங்களைக் குறித்து வைக்க உட்கார்ந்தால், தெரிந்த இலக்கத்தை எழுதுங்கள், தெரியாததற்கு `X` போடுங்கள், ஊகத்தைத் தனி வரியில் வையுங்கள்.