தேக்கை எந்த ஆண்டில் வெட்டுவது?

தேக்குத் தோப்பு வைத்திருப்பவர் வீட்டுக்கு மர வியாபாரி வந்து ஒரு விலை சொல்லிவிட்டுப் போனால், அன்றிரவு அந்த வீட்டில் இரண்டு கருத்து எழும். 'இவ்வளவு பணம் எப்போது வரும், கொடுத்துவிடலாம்' என்பது ஒன்று. 'மரம் நின்றால் இன்னும் பருக்கும், பொறுத்திருக்கலாம்' என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எது சரி என்பதை ஊகத்துக்கு விடாமல் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

அந்தக் கணக்குக்கு ஓர் உதாரணத் தோப்பை எடுத்துக்கொள்வோம். நல்ல மண், ஓரளவு தண்ணீர், ஒன்றரை ஏக்கர். இடையிடையே கலைத்தது போக நூறு மரங்கள் நிற்கின்றன. நம் ஊர் வியாபாரிகள் வழக்கமாகச் செய்வதுபோல, சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி வரும். இந்த அளவும் விலையும் கணக்கை விளக்க நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தோப்பில் வேறாக இருக்கும்.

பதினைந்தாம் ஆண்டில் மரத்தின் சுற்றளவு 28 அங்குலம், நீளம் 12 அடி. ஒரு மரத்துக்கு ஏறத்தாழ 4 கன அடி கிடைக்கும். மெல்லிய மரம் என்பதால் கன அடி 600 ரூபாய்தான். இருபதாம் ஆண்டில் சுற்றளவு 36 அங்குலம், நீளம் 14 அடி. கன அளவு 8 ஆகிறது. அதோடு விலையும் 1,000 ரூபாயாக ஏறுகிறது. வைரம் கூடக்கூட, அகலப் பலகை அறுக்க முடியும் என்பதால் கன அடிக்கான விலையே உயர்கிறது. மரம் பருப்பதும், பருத்த மரத்துக்கு விலை கூடுவதும் சேர்ந்து, 2.4 லட்சமாக இருந்த தோப்பை ஐந்தே ஆண்டில் 8 லட்சமாக்குகின்றன.

அதன்பின் இதே தோப்பு 25 ஆண்டில் 15 லட்சம், 30 ஆண்டில் 22 லட்சம், 35 ஆண்டில் 27 லட்சம் என்று வைப்போம். தொகை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் அதை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று மாற்றிப் பாருங்கள். 15 முதல் 20 வரை ஆண்டுக்கு 27 சதவீதம். அடுத்த ஐந்தாண்டில் 13. அதற்கடுத்து 8. கடைசி ஐந்தாண்டில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். நிற்கும் தோப்பு என்பது ஆண்டுதோறும் வட்டி குறைந்துகொண்டே வரும் ஒரு வைப்புத்தொகை.

உங்கள் வட்டி எவ்வளவு?

ஆகவே வெட்டும் ஆண்டைத் தீர்மானிப்பது மரத்தின் வயது மட்டும் அல்ல. மரம் தரும் சதவீதம், அதே பணம் உங்கள் கையில் இருந்தால் தரும் சதவீதத்துக்குக் கீழே இறங்கும் ஆண்டே வெட்டும் ஆண்டு. ஜெர்மானிய வனவியலாளர் மாக்ஸ் ராபர்ட் பிரஸ்லர் 1860 வாக்கில் இந்த ஒப்பீட்டைத்தான் வனக்காரர்களுக்கு வழிகாட்டியாக வகுத்துக் கொடுத்தார்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மேலே உள்ள மர விலைகள் எல்லாம் இன்றைய விலைகள்; எதிர்கால விலைவாசி உயர்வை நான் சேர்க்கவில்லை. எனவே வட்டியிலிருந்தும் விலைவாசி உயர்வைக் கழித்துவிட வேண்டும். மர விலையும் பொது விலைவாசியும் ஒன்றாக, ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்வதாகக் கொண்டால், 7 சதவீத வங்கி வைப்பின் உண்மையான வருமானம் சுமார் 2 சதவீதம்தான். ஒரு பக்கம் கழித்து, மறு பக்கம் கழிக்காமல் விட்டால், மரத்தை அவசரப்பட்டு வெட்டச் சொல்லும் கணக்கே வரும்.

இப்போது இதே தோப்பை மூன்று பேர் வைத்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். கடன் இல்லாதவர், மர விற்பனைப் பணத்தை வங்கியில்தான் போடுவார். அவருடைய வட்டி 2 சதவீதம். 35 ஆண்டு கடந்தும் அவர் காத்திருக்கலாம். 12 சதவீத வங்கிக் கடன் உள்ளவருக்கு உண்மை வட்டி 7. அவருக்கு 30 ஆண்டையொட்டி வெட்டுவது சரி. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியவர் ஆண்டுக்கு 24 சதவீதம் கட்டுகிறார். அவருக்கு உண்மை வட்டி 18, 19 வரும். அவர் தோப்பு இருபதைத் தாண்டியதுமே வெட்டுக்கு வந்துவிடுகிறது. மரம் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். கடன்தான் பத்துப் பதினைந்து ஆண்டு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இரண்டு வட்டிக்காரர் முதலில் தேட வேண்டியது மரம் வெட்டும் ஆளை அல்ல, குறைந்த வட்டிக் கடனை.

நிலத்துக்கும் வாடகை உண்டு

இந்தக் கணக்கில் இன்னும் ஒன்று விடுபட்டிருக்கிறது. மரம் நிற்கும்வரை நிலமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டினால் அடுத்த தலைமுறை மரமோ வேறு பயிரோ அதில் வளரத் தொடங்கும். மார்ட்டின் ஃபாஸ்ட்மன் என்ற ஜெர்மானியர் 1849இல் இதையும் கணக்கில் சேர்த்து எழுதினார். வெட்டி, நட்டு, மீண்டும் வெட்டி என்று முடிவில்லாமல் தொடரும் வருமானம் அனைத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, நிலத்தின் மதிப்பைக் காண்பது அவர் வழி.

நம் தோப்பில் பார்ப்போம். உண்மை வட்டி 4 சதவீதம் என்போம். முப்பதாம் ஆண்டில் 22 லட்சத்துக்கு விற்றுப் போட்டால் ஐந்தாண்டில் 4.77 லட்சம் வட்டி சேரும். வெட்டாமல் காத்தால் மரம் 5 லட்சம் கூடும். காத்திருப்பதே 23,000 ரூபாய் லாபம் போலத் தெரிகிறது. ஆனால் காலியான ஒன்றரை ஏக்கர் செலவு போக ஆண்டுக்குப் பத்தாயிரம் தந்தாலே ஐந்தாண்டில் 50,000 ஆகிறது. முடிவு தலைகீழாகிவிடுகிறது. நிலத்தையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டும் ஆண்டு எப்போதும் சற்று முன்னுக்கு வரும்.

புயல், தீ, திருட்டு ஆகியவையும் இதே பக்கம்தான் இழுக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று நமக்குத் தெரியும். தோப்பை இழக்க ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு இருப்பதாகத் தோன்றினால், உங்கள் வட்டியில் ஒரு சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முந்துவதா, பிந்துவதா?

சரியான ஆண்டைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. பிழை எந்தப் பக்கம் நேர்ந்தால் இழப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். உண்மை வட்டி 5 சதவீதம் என்று கொண்டு, நட்ட நாளின் மதிப்புக்கு மாற்றினால், 30 ஆண்டில் வெட்டும் தோப்பு 5.1 லட்சம் பெறும். 35இல் வெட்டினால் 4.9 லட்சம். 25இல் வெட்டினால் 4.4. இருபதில் வெட்டினால் 3 லட்சம்தான். ஐந்தாண்டு பிந்தினால் சிறிது இழப்பு. பத்தாண்டு முந்தினால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. அதனால் ஓராண்டு சந்தை மந்தமாக இருந்தால் பதறாமல் காத்திருக்கலாம்.

சதவீதத்தை நீங்களே அளக்கலாம். பத்து மரங்களில் மார்பளவு உயரத்தில் வண்ணக் கோடு போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் நாடா பிடியுங்கள். சுற்றளவு 40 அங்குலத்திலிருந்து 40.8 ஆனால் அது 2 சதவீதம். கன அளவு அதைப்போல் இரு மடங்கு, சுமார் 4 சதவீதம் கூடியிருக்கும். பருமன் கூடியதால் கன அடி விலை 2 சதவீதம் ஏறினால் மொத்தம் 6. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி போகக் கைக்கு வரும் விலையையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி அளந்தால் பக்கத்துப் பக்கத்து மரங்களே வெவ்வேறு வேகத்தில் வளர்வது தெரியும். நிழலில் அமுங்கிய மரம் 2 சதவீதத்தில் நிற்கும். வெளிச்சம் பெற்றது 10 சதவீதத்தில் ஓடும். கல்யாணத்துக்கோ படிப்புக்கோ பணம் தேவைப்பட்டால் அமுங்கியவற்றை மட்டும் விற்கலாம். அவை விலகிய இடத்தில் மற்றவை இன்னும் பருக்கும். தோப்புக்கு ஒரே வெட்டு ஆண்டு என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை.