எல்லை கொடுக்காத வரைபடம்

y = x³ − 30x² + 225x. இதன் வரைபடத்தை வரையச் சொல்கிறது கேள்வி. x எங்கிருந்து எங்கே, y எவ்வளவு உயரம் என்று ஒரு வார்த்தை இல்லை. பழக்கதோஷத்தில் இரண்டு அச்சுக்கும் −10 முதல் 10 வரை எடுத்தால், ஆதிப்புள்ளி வழியே செங்குத்துக் கோடு மாதிரி ஏதோ ஒன்றுதான் தெரியும். x = 1 என்றாலே y 196-க்குப் போய்விடுகிறதே!

க்னுபிளாட் மென்பொருளிடம் விட்டாலும் சிக்கல்தான். அது x-க்கு −10 முதல் 10 வரை தானாக வைத்துக்கொண்டு, y-யை அதற்கேற்ப நீட்டும். x = −10-இல் y −6250. அந்தப் பள்ளத்துக்கு முன் மற்றதெல்லாம் தட்டையாகிவிடும்.

எனவே முதலில் பேனாவும் தாளும். சார்பைக் காரணிப்படுத்தினால் x(x − 15)²; வளைவு x அச்சைத் தொடுமிடங்கள் 0, 15. வகைக்கெழு 3(x − 5)(x − 15); திரும்புமிடங்கள் 5, 15. அங்கே உயரம் 500, 0. இவை அனைத்தும் அடங்கி, இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டால் போதும்:

```
set xrange [-1:20]
set yrange [-300:550]
plot x**3 - 30*x**2 + 225*x
```

இப்போது 500-இல் முகடு பளிச்சென்று தெரியும். ஆனால் 15-இல் வளைவு அச்சைத் தொட்டுத் திரும்புகிறதா, லேசாக வெட்டிப் போகிறதா? இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. x-ஐ 14 முதல் 16 வரை சுருக்கி இன்னொரு படம் போட வேண்டும்: உயரம் 14, 0, 16.