5.3 அவுன்ஸா, 10 அவுன்ஸா?

திருப்பூரில் பின்னப்படும் பனியன் துணி, தையலுக்குப் போகும் முன்பே ஒருமுறை பரிசோதனைக்கூடத்துக்குப் போய் வருகிறது. அங்கிருந்து வரும் அறிக்கையில் துணியின் எடை ஜி.எஸ்.எம். கணக்கில் இருக்கும், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். அமெரிக்க பையர் பெரும்பாலும் சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கேட்பார். துணி எவ்வளவு அழுத்தத்தில் பிய்கிறது என்பதை எந்திரம் கிலோபாஸ்கலில் காட்டும், அவருக்கு அது பி.எஸ்.ஐ.யில் வேண்டும். துவைத்த தண்ணீரின் சூட்டை இங்கே செல்சியஸில் குறிப்பார்கள், அவர் படிப்பது ஃபாரன்ஹீட்டில். ஆக, ஒரே தாளில் இரண்டு உலகத்து அளவுகள் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்த மாற்றங்கள் சரிதானா என்று பார்ப்பது, அறிக்கையைக் கையில் வாங்கும் மெர்ச்சண்டைசரின் வேலை.

அதற்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்று: ஒவ்வொரு வரியிலும் எந்த எண் கருவியிலிருந்து நேராக வந்தது, எந்த எண் பிறகு கணக்குப் போட்டு எழுதப்பட்டது? கருவி தந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், மற்றதை அதிலிருந்து நாமே போட்டுப் பார்க்கலாம். மாற்றிய எண்ணை மறுபடி மாற்றிச் சரிபார்த்தால் பிழையும் கூடவே வரும்.

துணியின் எடையையே எடுத்துக்கொள்வோம். ரவுண்ட் கட்டரை வைத்து அழுத்தித் திருப்பினால் 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டம் வெட்டுப்பட்டு விழும். அது ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. தராசில் 1.80 கிராம் என்று காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம். இதுதான் மூல எண். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம், ஒரு சதுர கெஜம் 0.836 சதுர மீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 33.9 வரும். 180-ஐ 33.9-ஆல் வகுத்தால் 5.31. அறிக்கையில் 5.3 அவுன்ஸ் என்று இருந்தால் சரி.

இதே துணிக்கு அறிக்கையிலோ ஆர்டர் தாளிலோ 10 அவுன்ஸ் என்று எழுதியிருந்தால்? உடனே அடித்துவிடக் கூடாது. துணி எடையைச் சதுர கெஜத்துக்குச் சொல்வதும் உண்டு, துணியின் முழு அகலத்தோடு ஒரு கெஜ நீளத்துக்குச் சொல்வதும் உண்டு. ஒரு கெஜம் 36 அங்குலம். துணியின் அகலம் 68 அங்குலம் என்றால், ஒரு கெஜ நீளத்தில் அடங்கும் பரப்பு 68-ஐ 36-ஆல் வகுத்த அளவு, ஏறத்தாழ 1.89 சதுர கெஜம். 5.31-ஐ 1.89-ஆல் பெருக்கினால் 10.03 அவுன்ஸ். இரண்டு எண்ணும் ஒரே துணியைத்தான் சொல்கின்றன. ஆனால் ‘சதுர’ என்ற சொல் விடுபட்டுப்போன தாளை வைத்துக்கொண்டு, 10 அவுன்ஸை அப்படியே 33.9-ஆல் பெருக்கினால் 339 ஜி.எஸ்.எம். வரும். டி-ஷர்ட் துணி கேட்டவருக்குக் கனத்த ஸ்வெட்ஷர்ட் துணி பின்னிக் கொடுத்த கதையாகிவிடும். கையால் துணியைத் தொட்டுப் பழகியவருக்கு 339 என்ற எண்ணே இடிக்கும். அந்த உறுத்தலை நம்பலாம். பத்தின் பெருக்கத்தில் வழுக்கிய பிழையும் இப்படிப் பார்த்த மாத்திரத்தில் பிடிபடும்.

கஷ்டம் சின்னப் பிழைகளில்தான், அதுவும் பாஸ், ஃபெயில் என்ற கோட்டை ஒட்டி வரும்போது. பர்ஸ்டிங் சோதனையில் துணியை வளையத்தில் இறுக்கிப் பிடித்து, அடியிலிருக்கும் ரப்பர் சவ்வை ஊதி, துணி பியும்வரை அழுத்தம் கூட்டுவார்கள். எந்திரம் 430 கிலோபாஸ்கல் காட்டியது, பையர் கேட்பது குறைந்தது 62 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பி.எஸ்.ஐ. 6.895 கிலோபாஸ்கல். வகுத்தால் 62.4. துணி பாஸ்.

ஆனால் பல பரிசோதனைக்கூடங்களில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற பழைய கணக்கும் கைவிடப்படவில்லை. ஒருவர் 430-ஐ நூறால் வகுத்து 4.3 கிலோ என்று எழுதுகிறார். அடுத்தவர் அந்த 4.3-ஐ 14.22-ஆல் பெருக்கி 61.1 பி.எஸ்.ஐ. என்று எழுதுகிறார். துணி ஃபெயில். இரண்டாமவர் கணக்கில் தவறே இல்லை. முதலாமவர்தான் ஒரு கிலோ அழுத்தத்தை 98.07 கிலோபாஸ்கல் என்று கொள்ளாமல் 100 என்று கொண்டுவிட்டார். வித்தியாசம் இரண்டு சதவீதம்தான், ஆனால் நல்ல துணி ஒரு லாட் முழுக்க நின்றுபோக அது போதும். ஆகவே நடுவில் வேறொரு அலகைத் தொடாமல் கருவி காட்டிய எண்ணிலிருந்து ஒரே தாவலில் மாற்ற வேண்டும். எண்ணைச் சுருக்கி எழுதுவதைக் கடைசியில் ஒருமுறை மட்டும் செய்ய வேண்டும்.

வெப்பநிலையில் வருவது வேறு வகைப் பிழை. துவைக்கும் தண்ணீர் 105 டிகிரி ஃபாரன்ஹீட், 5 டிகிரி கூடலாம் அல்லது குறையலாம் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. 105-இல் 32-ஐக் கழித்து 1.8-ஆல் வகுத்தால் 40.6, அதை 41 செல்சியஸ் என்று எழுதலாம். அந்த 5 டிகிரியையும் செல்போனில் தட்டி மாற்றினால் மைனஸ் 15 என்று வரும்! காரணம், அது ஒரு வெப்பநிலை அல்ல, இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவிலுள்ள தூரம். தூரத்தை மாற்றும்போது 32-ஐக் கழிக்கவே கூடாது. 5-ஐ 1.8-ஆல் வகுத்தால் 2.8, அதாவது ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ். மைனஸ் 15-ஐ யாரும் நம்பப் போவதில்லை, அது பிடிபட்டுவிடும். பிடிபடாமல் போவது, மாற்றவே மறந்து ‘41, கூடக்குறைய 5 செல்சியஸ்’ என்று எழுதிவிடுவது. அப்படி எழுதினால் 46 செல்சியஸ் வரை அனுமதி என்றாகும். அது 115 ஃபாரன்ஹீட்டுக்கு அருகில், பையர் விட்ட எல்லைக்கு வெளியே. துணி சுருங்கிய அளவைப் பற்றிப் பிறகு வாக்குவாதம் வந்தால், சோதனையே செல்லாது என்று அவர் சொல்லலாம்.

நூல் கவுண்ட்டிலும் ஒரு வளைவு உண்டு. ஒரு பவுண்ட் நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை என்பதே கவுண்ட், ஆகவே நூல் மெலிய மெலிய எண் கூடும். மெட்ரிக் முறையின் டெக்ஸ் ஒரு கிலோமீட்டர் நூலின் கிராம் எடை, அங்கே மெலிந்தால் எண் குறையும். இதற்குப் பெருக்கும் எண் கிடையாது, 590.5-ஐக் கவுண்ட்டால் வகுக்க வேண்டும். 30ஸ் நூல் 19.68 டெக்ஸ். கவுண்ட்டில் கூடக்குறைய ஒன்று என்ற எல்லை டெக்ஸுக்கு மாறும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்காது. 29-க்கு 20.36, 31-க்கு 19.05. எல்லைகள் இரண்டையும் தனித்தனியே மாற்றித்தான் எழுத வேண்டும்.

இத்தனையும் சரியாக வந்த பிறகும் எண்களை ஒப்பிட முடியாத நிலை ஒன்று உண்டு. பர்ஸ்டிங் எந்திரத்தில் துணியைப் பிடிக்கும் வளையம் சிலவற்றில் 7.3 சதுர சென்டிமீட்டர், சிலவற்றில் 50 சதுர சென்டிமீட்டர். பெரிய வளையத்தில் அதே துணி குறைந்த அழுத்தத்திலேயே பியும். சிறிய வளையத்தில் கிடைத்த பி.எஸ்.ஐ.யையும் பெரிய வளையத்தில் கிடைத்த கிலோபாஸ்கலையும் 6.895 சேர்த்துவைக்காது, சேர்த்துவைக்கும் வேறு எண்ணும் இல்லை. அந்த இடத்தில் கால்குலேட்டரை மூடிவிட்டு, அறிக்கையில் வளையத்தின் பரப்பு எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதவில்லை என்றால் பரிசோதனைக்கூடத்தைக் கூப்பிட்டுக் கேட்டு, பையர் குறிப்பிட்ட அளவு வளையத்தில் மறுபடி சோதிக்கச் சொல்ல வேண்டும்.