33 பைல்களுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்றுவது எப்படி? கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கும் வசதி... ஸ்டெப் பை ஸ்டெப் விளக்கம்!

வீட்டுக் கடன் கேட்டு பேங்குக்குப் போனால் முதலில் கேட்பது சொத்து ஆவணங்களைத்தான். தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என எல்லாவற்றையும் வழக்கறிஞர் பார்த்து கருத்து சொன்ன பிறகே அடுத்த கட்டம். பலரும் போனில் பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து அப்படியே மெயிலில் அனுப்பிவிடுகிறார்கள். வாங்குபவருக்கு வருவது IMG_20250614_101502.jpg என்பது போன்ற பெயர்களில் 30, 40 பைல்கள். எது எந்தப் பத்திரம், எது எத்தனையாவது பக்கம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தாலும் சட்டென்று தெரியாது.

இதை சரி செய்ய தனியாக எந்த சாப்ட்வேரும் தேவையில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் போல்டர்களைத் திறந்து பார்க்கும் பைல் எக்ஸ்ப்ளோரரிலேயே இந்த வசதி இருக்கிறது. எப்படி என்று ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

நம்மிடம் மொத்தம் 33 போட்டோக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய்ப் பத்திரம் 14 பக்கம், கிரயப் பத்திரம் 12 பக்கம், வில்லங்கச் சான்று 6 பக்கம், பட்டா 1 பக்கம்.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

போனில் இருக்கும் போட்டோக்களை முதலில் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்துகொள்ளுங்கள். போனை கேபிளில் இணைத்து, அதற்குள்ளேயே வைத்து பெயர் மாற்ற வேண்டாம். போனில் இருக்கும் ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். பெயர் மாற்றும்போது ஏதாவது குழப்பமானாலும் அங்கிருந்து மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, 33 பைல்களையும் ஒரே மூச்சில் மாற்ற நினைக்காதீங்க. இந்த வசதி, தேர்வு செய்த எல்லா பைல்களுக்கும் ஒரே பெயரைக் கொடுத்து, பின்னால் எண் மட்டும் போடும். அதனால் ஒரு பத்திரத்துக்கு ஒரு போல்டர் என நான்கு போல்டர்கள் உருவாக்கி, அந்தந்தப் பக்கங்களை அதற்குள் நகர்த்துங்கள். படங்கள் பெரிதாகத் தெரிந்தால் பிரிப்பது சுலபம். மேலே உள்ள View மெனுவில் Large icons என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பெயர் மாற்றுவது எப்படி?

14 பக்கங்கள் உள்ள தாய்ப் பத்திர போல்டரைத் திறந்துகொள்ளுங்கள்.

1. மேலே Sort மெனுவில் Name என்பதைத் தேர்ந்தெடுங்கள். போன் கேமரா எடுத்த போட்டோக்களின் பெயரில் தேதியும் நேரமும் இருப்பதால், எடுத்த வரிசையில் அவை அடுக்கப்படும். முதல் பக்கம் கடைசியில் இருந்தால், அதே மெனுவில் Ascending என்பதை கிளிக் செய்யுங்கள்.

2. முதல் பக்கத்தின் மீது ஒரே ஒரு முறை கிளிக் செய்யுங்கள். பிறகு Ctrl + A அழுத்துங்கள். எல்லா பைல்களும் தேர்வாகிவிடும்.

3. இப்போது F2 பட்டனை அழுத்துங்கள். சில லேப்டாப்களில் Fn பட்டனையும் சேர்த்து Fn + F2 என்று அழுத்த வேண்டியிருக்கும். ஒரு பைலின் பெயர் மட்டும் டைப் செய்யும் பெட்டியாக மாறும்.

4. அதில் 1-Parent-Deed என்று டைப் செய்து Enter அழுத்துங்கள்.

அவ்வளவுதான். 14 பைல்களும் இப்படி மாறியிருக்கும்:

```
1-Parent-Deed (1).jpg
1-Parent-Deed (2).jpg
1-Parent-Deed (3).jpg
...
1-Parent-Deed (14).jpg
```

இதே மாதிரி கிரயப் பத்திர போல்டரில் 2-Sale-Deed, வில்லங்கச் சான்றுக்கு 3-EC என்று கொடுங்கள். பட்டா ஒரே பக்கம் என்பதால் 4-Patta என்று பெயர் வைத்தால் போதும். முன்னால் 1, 2, 3, 4 என்று போடுவதற்குக் காரணம், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டாலும் பத்திரங்கள் நாம் விரும்பும் வரிசையிலேயே நிற்கும்.

எண் 1 எந்த பைலுக்குப் போகும்?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். F2 அழுத்தியதும் டைப் செய்யும் பெட்டி எந்த பைலில் திறக்கிறதோ, அதற்குத்தான் (1) என்ற எண் கிடைக்கும்.

முதல் பைலை கிளிக் செய்து, Shift பட்டனைப் பிடித்துக்கொண்டு கடைசி பைலை கிளிக் செய்வது நமக்குப் பழக்கமான முறை. அப்படித் தேர்வு செய்தால் பெட்டி கடைசி பைலில் திறக்கும். விளைவு, பத்திரத்தின் 14-வது பக்கம் (1) ஆகிவிடும். அதனால்தான் முதல் பைலை கிளிக் செய்துவிட்டு Ctrl + A அழுத்தச் சொல்கிறோம். Shift முறைதான் வசதி என்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் கடைசி பைலை கிளிக் செய்து, பிறகு Shift பிடித்தபடி முதல் பைலை கிளிக் செய்ய வேண்டும்.

எந்த முறையாக இருந்தாலும், டைப் செய்யத் தொடங்கும் முன் பெட்டி முதல் பக்கத்தில்தான் திறந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இல்லையென்றால் Esc அழுத்திவிட்டு மறுபடியும் தேர்வு செய்யலாம்.

ஒரு பக்கத்தை கடைசியாக திரும்ப எடுத்திருந்தால்?

கிரயப் பத்திரத்தை போட்டோ எடுக்கும்போது 7-வது பக்கம் மங்கலாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 12 பக்கமும் எடுத்து முடித்த பிறகு அதை மட்டும் மறுபடியும் எடுத்து, மங்கலானதை டெலிட் செய்துவிட்டீர்கள். இப்போது நேரப்படி அது கடைசியில் நிற்கும். அப்படியே பெயர் மாற்றினால் 8-வது பக்கம் (7) ஆகும், 9-வது பக்கம் (8) ஆகும், உண்மையான 7-வது பக்கம் (12) ஆகிவிடும். மொத்த எண்ணிக்கை சரியாக இருப்பதால் தப்பு நடந்ததே தெரியாது.

பைலை மவுஸால் இழுத்து நடுவில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். Sort-ல் தேர்ந்தெடுத்த வரிசைப்படிதான் பைல்கள் நிற்கும். இதற்கு வேறு வழி இருக்கிறது. 6-வது பக்கத்தின் பெயரைப் பாருங்கள். அது IMG_20250614_101640 என்று இருந்தால், திரும்ப எடுத்த பக்கத்துக்கு மட்டும் அதே பெயரைக் கொடுத்து கடைசியில் a சேர்த்துவிடுங்கள்:

```
IMG_20250614_101640.jpg
IMG_20250614_101640a.jpg
```

Sort மெனுவில் Name இருக்கும்போது, a சேர்ந்த பைல் 6-வது பக்கத்துக்கு அடுத்தே வந்து உட்காரும். அதன் பிறகு மொத்தமாகப் பெயர் மாற்றினால் அதற்கு (7) என்ற எண் கிடைத்துவிடும்.

தப்பாகிவிட்டால் என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். அதே போல்டரில் இருந்தபடி உடனே Ctrl + Z அழுத்துங்கள். பழைய பெயர்கள் திரும்ப வந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து மறுநாள் வந்து அழுத்தினால் எதுவும் நடக்காது. பெயர் மாற்றியதும் கையோடு சரிபார்த்துவிடுவதே நல்லது.

சரிபார்க்க இரண்டே விஷயங்கள். முதலில், கடைசி எண்ணும் பத்திரத்தின் பக்க எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 14 பக்கப் பத்திரத்தில் கடைசி பைல் (13) என்றால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. (15) என்றால் ஒரே பக்கத்தை இரண்டு முறை எடுத்திருக்கிறீர்கள். அடுத்து, நடுவில் உள்ள இரண்டு, மூன்று பைல்களைத் திறந்து பாருங்கள். பதிவு செய்யப்பட்ட பத்திரத்தில் மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள் என்று குறித்திருப்பார்கள். பைலின் எண்ணும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். தாளின் இரண்டு பக்கமும் எடுத்திருந்தால், எண்ணிக்கை அதற்கேற்ப கூடும் என்பதை மறந்துவிடாதீங்க.

(10) ஏன் (2)-க்கு முன்னால் வருகிறது?

உங்கள் கம்ப்யூட்டரில் 1, 2, 3 என்று அழகாக நின்ற பைல்கள், வேறு சில சாப்ட்வேர்களில் (1), (10), (11), (12), (2) என்று மாறி நிற்கலாம். விண்டோஸ் பைல் எக்ஸ்ப்ளோரர் எண்ணை எண்ணாகவே படிக்கிறது. சில சாப்ட்வேர்கள் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பதால், 1-ல் தொடங்கும் எல்லாமே 2-க்கு முன்னால் வந்துவிடுகின்றன.

இதைத் தவிர்க்க முதல் ஒன்பது பைல்களில் மட்டும் (01), (02) என்று ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். F2 முறையில் இது தானாக வராது, கையால்தான் செய்யணும். ஆனால் அதற்கும் குறுக்குவழி உண்டு. முதல் பைலில் F2 அழுத்தி மாற்றியதும், Enter-க்கு பதிலாக Tab அழுத்துங்கள். அடுத்த பைலின் பெட்டி தானாகவே திறக்கும். மவுஸைத் தொடாமலே ஒன்பதையும் மாற்றிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

பெயரில் \ / : * ? " < > | ஆகிய ஒன்பது குறியீடுகளை விண்டோஸ் ஏற்காது. அதனால் 14/06/2025 என்று தேதி போட முடியாது. 2025-06-14 என்று வருடத்தை முதலில் போட்டால், தேதி வரிசையிலும் சரியாக அடுக்கப்படும்.

பெயரின் கடைசியில் இருக்கும் .jpg, .pdf பகுதியைத் தொட வேண்டாம். அதை வைத்துத்தான் எந்த ஆப்பில் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. .jpg என்பதை .pdf என்று மாற்றி எழுதினால் போட்டோ பிடிஎப் ஆகிவிடாது, திறக்காமல்தான் போகும். அதை மாற்றினால் விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். அப்போது No கொடுத்துவிடுங்கள்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஃபைண்டரில் பைல்களைத் தேர்வு செய்து, ரைட் கிளிக்கில் Rename என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று வழிகள் வரும். Replace Text, பெயரில் உள்ள ஒரு சொல்லை வேறு சொல்லாக மாற்றும். Add Text, இருக்கும் பெயரோடு முன்னாலோ பின்னாலோ சேர்க்கும். Format, புதுப் பெயரும் எண்ணும் கொடுக்கும். இதில் Name and Counter என்பதைத் தேர்ந்தெடுத்தால் 00001 என்று பூஜ்யத்தோடு எண் வரும் என்பதால், (10) முன்னால் வரும் பிரச்னையே இருக்காது.

நான்கு போல்டர்களிலும் வேலை முடிந்ததும், எல்லா பைல்களையும் ஒரே போல்டருக்கு மாற்றி எண்ணிப் பாருங்கள். பைல் எக்ஸ்ப்ளோரரின் கீழே இடது மூலையில் 33 items என்று காட்டினால், பேங்குக்கு அனுப்பிவிடலாம்.