சிக்னலில் பின்னோக்கி ஓடும் கோடுகள்

சிவப்பு விழுந்ததும் முதல் வண்டி நிற்கிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசை பின்னால் வளர்கிறது. வண்டி ஒன்றுகூடப் பின்னால் போகவில்லை; ஆனாலும் வரிசையின் வால் பின்னோக்கி நகர்கிறது. எவ்வளவு வேகத்தில்? 1955இல் லைட்ஹில், விட்டம் என்ற இரு பிரிட்டிஷ் கணிதவியலாளர்களும், 1956இல் தனியாக ரிச்சர்ட்ஸ் என்பவரும் இதற்கு ஒரே சமன்பாட்டை எழுதினார்கள். லைட்ஹில் - விட்டம் ஆய்வின் முதல் பாகம் ஆற்று வெள்ளத்தைப் பற்றியது; இரண்டாம் பாகத்தில்தான் சாலை வருகிறது.

ஒரு கிலோமீட்டரில் எத்தனை வண்டி என்பதை அடர்த்தி என்போம், குறியீடு ρ. இடையில் வண்டிகள் முளைப்பதும் இல்லை, மறைவதும் இல்லை என்ற விதியும், வேகம் அடர்த்தியை மட்டுமே பொறுத்தது என்ற அனுமானமும் சேர்ந்தால் இது வருகிறது:

∂ρ/∂t + c(ρ) ∂ρ/∂x = 0

இது முதல்வரிசைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. பார்க்க மிரட்டினாலும் சொல்வது எளிது: c என்ற வேகத்தில் நீங்கள் நகர்ந்துகொண்டே பார்த்தால், உங்களைச் சுற்றியுள்ள அடர்த்தி மாறவே மாறாது. தூரத்தைப் படுக்கையாகவும் நேரத்தைச் செங்குத்தாகவும் வைத்து அந்தப் பயணத்தை வரைந்தால் கிடைப்பதுதான் சிறப்பியல்புக் கோடு. நேரம் பூஜ்ஜியத்தில் சாலை முழுக்க அடர்த்தி தெரிந்தால், அந்தத் தொடக்கக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கோடு கிளம்பி, தன் அடர்த்தியை மேலே சுமந்து செல்லும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலிச் சாலையில் வேகம் மணிக்கு 60 கி.மீ.; முட்டி நிற்கும்போது கிலோமீட்டருக்கு 120 வண்டி. இடையில் வேகம் நேர்கோடாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 1930களில் அமெரிக்கப் பொறியாளர் கிரீன்ஷீல்ட்ஸ் கொடுத்த வாய்ப்பாடு இது. அடர்த்தி 30 என்றால் வண்டிகள் 45 கி.மீ. வேகத்தில் ஓடும், மணிக்கு 1,350 வண்டி கடக்கும். ஆனால் c என்பது வண்டியின் வேகம் அல்ல. அடர்த்தி சிறிது கூடினால் கடக்கும் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்பதுதான் c. அடர்த்தி 30இல் அது 30 கி.மீ.; 60இல் பூஜ்ஜியம்; 120இல் மைனஸ் 60.

இப்போது சிக்கல். வந்துகொண்டிருக்கும் வண்டிகளின் கோடுகள் முன்னோக்கிச் சாய்கின்றன; நிற்கும் வரிசையின் கோடுகள் பின்னோக்கி. இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. வெட்டும் புள்ளியில் ஒரு கோடு அடர்த்தி 30 என்கிறது, இன்னொன்று 120 என்கிறது. இந்த இடத்தில் வகைக்கெழு கைவிட்டுவிடும். மறுபடி வண்டிகளை எண்ணித்தான் தீர்க்க வேண்டும்: வந்து சேர்வது மணிக்கு 1,350, அடர்த்தியின் வித்தியாசம் 90, வகுத்தால் 15. வால் மணிக்கு 15 கி.மீ., அதாவது நிமிடத்துக்கு 250 மீட்டர் பின்வாங்குகிறது. ஒரு நிமிடச் சிவப்புக்கு 30 வண்டிகளின் வரிசை.

பச்சை விழுந்ததும் நேர் எதிரானது நடக்கிறது. நிறுத்தக் கோட்டில் 120இலிருந்து பூஜ்ஜியத்துக்கு ஒரே தாவல். அந்த ஒரு புள்ளியிலிருந்தே மைனஸ் 60 முதல் பிளஸ் 60 வரை கோடுகள் விசிறியாக விரிகின்றன. விசிறியின் நடுக்கோடு நகர்வதில்லை. ஆகவே வரிசை கரையும்வரை நிறுத்தக் கோட்டில் அடர்த்தி 60 என்றே நிற்கும். வண்டிகள் 30 கி.மீ. வேகத்தில் கடக்கும்.

ஒரு நுட்பம் இதில் ஒளிந்திருக்கிறது. தொடக்கத் தகவல் சாலை முழுவதற்கும் வேண்டும் என்பதில்லை. ஓரிடத்தில் கேமரா வைத்து நேரம் முழுக்க எடுத்த பதிவும் தொடக்கக் கோடாகலாம். ஆனால் அங்கே அடர்த்தி சரியாக 60 என்றால், சிறப்பியல்புக் கோடு கேமராவின் கோட்டோடே ஒட்டி ஓடும். எத்தனை மணி நேரம் படமெடுத்தாலும் பத்து மீட்டர் தள்ளி என்ன நடக்கிறது என்று அந்தப் பதிவிலிருந்து கணக்கிட முடியாது. தொடக்கக் கோடு சிறப்பியல்புக் கோடுகளைக் குறுக்கே வெட்ட வேண்டும் என்று பாடநூல்கள் வைக்கும் நிபந்தனை இதற்காகத்தான்.

இந்த மாதிரி எங்கே சறுக்குகிறது? பச்சையின் சேதி பின்னோக்கி 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால், வண்டிக்கு அரை நொடிதான். சிக்னலில் நின்ற எவரும் சிரிப்பார்கள். ஒரு நொடிக்கு மேல் ஆகும். சேதியின் வேகத்தை 20 கி.மீ. என்று திருத்திப் போடுங்கள். ஒரு நிமிடச் சிவப்புக்குப் பின், கிரீன்ஷீல்ட்ஸ் கணக்கில் பச்சை விழுந்த 20 நொடியில் சேதி வாலைப் பிடித்துவிடும். அப்போது வால் 333 மீட்டரில். திருத்திய கணக்கில் பிடிக்க மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் வால் ஒரு கிலோமீட்டர் பின்னால் போயிருக்கும்.