மலிவான பிரின்டர், பூட்டிய மை

ரேசரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடு, பிளேடில் சம்பாதித்துக்கொள். இந்த வியாபார உத்தியைக் கண்டுபிடித்தவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்றுதான் பெரும்பாலான வணிகப் பாடநூல்கள் சொல்லிவருகின்றன. உத்தி உண்மையானது. ஆனால் அதை அவர் தலையில் கட்டியது சரியல்ல. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பழைய விலைகளையும் காப்புரிமைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்தக் கதையைத் தலைகீழாக்கிவிட்டது.

ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1904 நவம்பரில். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது 17 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தக் காலம் முழுவதும் அவருடைய ரேசருக்கும் சரி, அதில் பொருந்தும் மெல்லிய பிளேடுக்கும் சரி, வேறு யாரும் போட்டிக்கு வர முடியாது. ரேசரை இலவசமாகக் கொடுத்துப் பிளேடில் அள்ளுவதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஜில்லெட் என்ன செய்தார்? ரேசருக்கு 5 டாலர் விலை வைத்தார். ஒரு தொழிலாளியின் வாரக் கூலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. கடைக்காரர்கள் விலையைக் குறைத்து விற்கவும் அவர் விடவில்லை. 1 டாலருக்கு ரேசரும் பிளேடுகளும் சேர்த்துக் கொடுத்தவர்கள், வேறு வகை ரேசர் செய்த அவருடைய போட்டியாளர்கள்தான்.

1921-இல் காப்புரிமை காலாவதியானது. இனி யார் வேண்டுமானாலும் ஜில்லெட் ரேசரில் பொருந்தும் பிளேடு செய்யலாம். அப்போதுதான் நிறுவனம் பழைய வகை ரேசரை 1 டாலருக்கு இறக்கியது. புதிய காப்புரிமை பெற்ற மேம்பட்ட ரேசர் ஒன்றை 5 டாலருக்கு வைத்தது. அதாவது பிளேடுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு போன பிறகுதான் ரேசர் மலிவானது. பாடநூல் தர்க்கப்படி இது நடந்திருக்கவே கூடாது. ரேசரைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் அடுத்த கடையில் வேறொருவர் பிளேடை வாங்கிவிடுவாரே! ஆனாலும் ஜில்லெட் தாக்குப்பிடித்தது. முகத்தில் கீறாத, எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒரே கூர்மையுள்ள மெல்லிய எஃகைத் தயாரிப்பது எளிதல்ல என்பதும், அந்தப் பெயர் மேல் மக்கள் வைத்திருந்த நம்பிக்கையும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இந்த வரலாற்றிலிருந்து தெரிவது ஒன்று. முதல் பொருளை மலிவாக விற்பது யாராலும் முடியும். அதில் இழந்ததை இரண்டாம் பொருளில் திரும்ப எடுக்க வேண்டுமானால், வாங்கியவர் வேறு எங்கும் போகாதபடி ஒரு பூட்டு வேண்டும். லாபம் இருப்பது மலிவில் அல்ல, பூட்டில். அந்தப் பூட்டு எப்படியெல்லாம் மாறிவந்தது என்பதைப் பார்க்க, ரேசரைவிட மை நல்ல உதாரணம்.

ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் சங்க அலுவலகங்களிலும் ‘சைக்ளோஸ்டைல்’ எடுப்பார்கள். ஸ்டென்சில் தாளில் எழுத்துகளைத் துளையிட்டு, உருளையில் மாட்டி, மை பூசிப் பிரதிகள் எடுக்கும் இயந்திரம். அமெரிக்காவில் ஏ.பி.டிக் என்ற நிறுவனம் அதை மிமியோகிராஃப் என்ற பெயரில் விற்றது. இயந்திரத்தை அடக்க விலைக்கே தருவதாகவும், தாளிலும் மையிலும்தான் லாபம் என்றும் அது வெளிப்படையாகவே சொன்னது. ஆகவே ஒவ்வோர் இயந்திரத்திலும் ஓர் அறிவிப்பை ஒட்டியது: எங்கள் நிறுவனத்தின் ஸ்டென்சிலையும் மையையும் மட்டுமே இதில் பயன்படுத்தலாம். ஹென்றி என்ற மை வியாபாரி, அந்த இயந்திரம் வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு ஒரு டப்பா மை விற்றார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மைக்குக் காப்புரிமை கிடையாது. ஆனாலும் 1912-இல், நான்கு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்ற தீர்ப்பில், நிறுவனமே வென்றது. ஒரு டப்பா மை விற்றது காப்புரிமை மீறலுக்குத் துணைபோன குற்றமாயிற்று. அதே நீதிமன்றம் 1917-இல் ஒரு திரைப்படக் கருவி வழக்கில் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. இயந்திரத்தை விற்ற பிறகு, அதில் எதைப் போட வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டிக் கட்டளையிட முடியாது என்றானது.

அறிவிப்பு செல்லாமல் போனதால், பூட்டை இயந்திரத்துக்குள்ளேயே வைக்கும் வழி தேடப்பட்டது. இன்றைய இங்க்ஜெட் பிரின்டரின் கார்ட்ரிட்ஜில் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப் ஒட்டியிருக்கும். கார்ட்ரிட்ஜைப் பொருத்தியதும் பிரின்டர் அந்தச் சிப்பிடம் ஒரு கேள்வி கேட்கும். சரியான மறைகுறியீட்டு விடை வந்தால்தான் அச்சடிக்கும். எத்தனை துளி மை தெளிக்கப்பட்டது என்ற கணக்கும் பெரும்பாலும் அங்கேதான் பதிவாகிறது. பல மாதிரிகளில் மை தீர்ந்தது என்ற செய்தி, உள்ளே இருக்கும் மையை அளந்து வருவதல்ல. இந்தத் துளிக் கணக்கைப் பார்த்து வருவது. நம் ஊர்க் கடைகளில் ஊசியால் மை நிரப்பித் தந்த பிறகும் ‘காலி’ என்றே பிரின்டர் அடம்பிடிப்பதற்குக் காரணம் அதுதான். மை நிறைந்துவிட்டது, சிப்பின் கணக்கு மட்டும் மாறவில்லை.

இந்தப் பூட்டை, விற்றுவிட்ட இயந்திரத்தில் பிறகும் இறுக்க முடியும். 2016 செப்டம்பர் 13 அன்று பல நாடுகளில் ஹெச்.பி. நிறுவனத்தின் சில ஆஃபீஸ்ஜெட் பிரின்டர்கள், அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று மறுத்தன. முன்பே உள்ளே போயிருந்த மென்பொருள் அன்று விழித்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும், அதை நீக்கும் வசதியை நிறுவனம் வெளியிட்டது. இத்தகைய கட்டுப்பாடுகளை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் அந்த நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்தத் தீர்மானம் சரியானது என்றே நினைக்கிறேன். பூட்டு இருப்பதைவிட, அது இருப்பதைச் சொல்லாமல் விற்பதுதான் பெரிய அநியாயம்.

நிறுவனங்கள் பக்கத்து நியாயம் ஒன்றும் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. கார்ட்ரிட்ஜ் விலை ஆட்டோ மீட்டரைப் போல வேலை செய்கிறது. மாதம் பத்துப் பக்கம் அச்சடிக்கும் மாணவிக்கும், தினம் நூறு பக்கம் எடுக்கும் அலுவலகத்துக்கும் ஒரே பிரின்டரை ஒரே விலைக்கு விற்கிறார்கள். இயந்திரத்தின் முழு விலையையும் முதலிலேயே கேட்டால் மாணவியால் வாங்க முடியாது. விலையை மைக்குத் தள்ளிவிட்டால், அதிகம் ஓட்டுபவர் அதிகம் கொடுக்கிறார். குறைவாக ஓட்டுபவருக்கும் இயந்திரம் எட்டுகிறது. சிக்கல் எங்கே என்றால், எவ்வளவு ஓட்டப்போகிறோம் என்பதை வாங்கும்போது நம்மில் பலர் கணக்குப் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கை ஒரு முழு நாடே போட்டபோது பூட்டு உடைந்தது. இந்தோனேசியாவில் கடைக்காரர்களும் சிறு அச்சகத்தாரும் பிரின்டருக்கு வெளியே மைப் புட்டிகளை வைத்து, மெல்லிய குழாய்களை உள்ளே விட்டு, கார்ட்ரிட்ஜ் வாங்காமலேயே ஆயிரக்கணக்கில் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் மலிவாகப் போனது, மை விற்கவில்லை. எப்சன் நிறுவனம் அவர்களோடு மல்லுக்கட்டாமல், 2010-இல் அதே அமைப்பைத் தானே செய்து அங்கே விற்பனைக்கு விட்டது. பக்கவாட்டில் மைத்தொட்டி, தீர்ந்தால் 70 மில்லிலிட்டர் புட்டியிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம். ஒரு கறுப்பு மைப் புட்டி ஏறத்தாழ 4,000 பக்கங்களுக்கு வரும் என்றார்கள். இங்கே விலை தலைகீழ்: இயந்திரம் விலை கூடியது, மை மலிவு. லாபத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டுவிட்டதால் பூட்டுக்கு அவ்வளவு தேவை இல்லை. இன்று நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கும் தொட்டிப் பிரின்டர்கள் அந்த வழியில் வந்தவை.

எது யாருக்கு லாபம் என்பதைப் பார்க்க, எளிய எண்களை நாமே வைத்துக்கொள்வோம். கார்ட்ரிட்ஜ் பிரின்டர் 4,000 ரூபாய். 1,000 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 200 பக்கம் வரும். பக்கத்துக்கு 5 ரூபாய். தொட்டிப் பிரின்டர் 12,000 ரூபாய். 400 ரூபாய் புட்டி 4,000 பக்கம் வரும். பக்கத்துக்கு 10 பைசா. இயந்திர விலையில் வித்தியாசம் 8,000 ரூபாய், பக்கத்துக்கு மிச்சம் 4 ரூபாய் 90 பைசா. ஆக, சுமார் 1,630 பக்கங்களில் இரண்டும் சமமாகும். மாதம் 100 பக்கம் எடுப்பவருக்குப் பதினேழாவது மாதத்தில் தொட்டி லாபம் தரத் தொடங்கும். மூன்று ஆண்டில் அவர் கார்ட்ரிட்ஜ் மைக்கு மட்டும் 18,000 ரூபாய் கொடுத்திருப்பார், இயந்திரத்தின் விலையைப் போல நாலரை மடங்கு. மாதம் 10 பக்கம் எடுப்பவருக்கோ சமமாவதற்கே பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் இயந்திரம் பழுதாகிவிடும்.

இந்தக் கணக்கில் தப்பிப்போகும் இரண்டு விஷயங்கள் உண்டு. புதுப் பிரின்டரோடு வரும் முதல் கார்ட்ரிட்ஜில் பல சமயம் முழு அளவு மை இருக்காது. அடுத்து, நாள்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அச்சுமுனை அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தப்படுத்த இயந்திரம் தானே மையைத் தெளித்து உள்ளே உள்ள பஞ்சில் வீணாக்கும். அட்டையில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு, தொடர்ந்து அச்சடித்துப் பார்த்துச் சொன்னது. ஆகவே எப்போதாவது எடுப்பவருக்கு ஒரு பக்கத்தின் உண்மையான செலவு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அவருக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும்.

பிரின்டர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இயந்திர விலையை அப்புறம் கேளுங்கள். முதலில் கார்ட்ரிட்ஜ் என்ன விலை, எத்தனை பக்கம் வரும், வேறு நிறுவன மை போட்டால் ஏற்குமா என்று கேளுங்கள். கடைக்காரரால் பதில் சொல்ல முடியாவிட்டால், பதில் தெரிந்த கடைக்குப் போங்கள்.